திரும்பிப் பார்த்த கரண்டி

இணுவிலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஒரு பழைய பலகை மேசை இருக்கிறது. கடந்த விடுமுறையில் பதினொரு இரவுகள் அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை. அதன்மேல் ஒரு தேக்கரண்டி நடந்துகொண்டிருந்தது.

ஊடகக் கற்கை பாடத்துக்காக ஒரு நிமிடத்துக்கு மேற்படாத குறும்படம் ஒன்று செய்யவேண்டியிருந்தது. நடிக்க ஆள் தேடி அலையாமல், வீட்டுப் பொருட்களையே நடிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். பொருளை ஓர் இடத்தில் வைத்து ஒரு படம் எடுக்கவேண்டும். சிறிது நகர்த்தி இன்னொரு படம் எடுக்கவேண்டும். ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு படங்கள் வீதம் ஓடவிட்டால் பொருள் தானே அசைவதுபோலத் தெரியும். என் படம் 40 செக்கன். அதற்கு 480 படங்கள் வேண்டும்.

எங்கள் ரீச்சர் இதற்கு இரண்டு முன்னோடிகளைச் சொன்னார். 1913 இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிட்ட தாதாசாகேப் பால்கே, அதற்கு முன்னர் ஒரு சட்டியில் பட்டாணி விதையை முளைக்கவிட்டு, அது வளர்வதைச் சிறிது சிறிதாகப் படம்பிடித்துக் காட்டியே தன் பெரிய படத்துக்குக் கடன் பெற்றாராம். அங்கே செடி தானாக வளர்ந்தது; அவர் காத்திருந்தார். கனடாவில் நோர்மன் மக்லரன் 1957 இல் எடுத்த குறும்படத்திலோ ஒரு நாற்காலி, தன்மீது உட்கார வருபவரை உட்காரவிடாமல் அடம்பிடிக்கும். அதற்கு இசை தந்தவர் ரவி சங்கர். அந்த நாற்காலிக்கு முகமே இல்லை.

இதைக் கேட்டு மகிழ்ந்தவர் என் உம்மாதான். "கரண்டிக்குக் கண், மூக்கு ஒண்டும் வரையாதே மகள். உயிருள்ளது மாதிரி உருவம் செய்யிறது எனக்கு விருப்பமில்லை" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சரி என்றேன். ஆனால் முகமில்லாத கரண்டி சோகப்படுவதை எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கதை சிறியது. ஒரு கரண்டி மேசையை விட்டுப் போகிறது. காலம் கழிகிறது. அது திரும்பி வரும்போது, ஒரு பலா இலை தன்னைத் தானே கோலிக்கொண்டு அதன் பக்கத்தில் அமர்கிறது. யாழ்ப்பாணத்தில் கூழ் குடிக்கப் பலா இலையைத்தான் கோலுவார்கள். அப்படிப் பார்த்தால் இலை, கரண்டியின் மூத்த உறவு.

முதலில் விறாந்தையில் பகல் வெளிச்சத்தில் எடுத்தேன். ஒவ்வொரு படமும் தனியாகப் பார்க்க அழகாகவே இருந்தது. ஓடவிட்டால் மேசை மின்னி மின்னி எரிந்தது. மேகம் வந்து போனதை நான் கவனிக்கவில்லை, கமரா கவனித்திருந்தது. எனவே இரவில், யன்னல்களைச் சாத்தி, ஒரே ஒரு மேசை விளக்கில் எடுத்தேன். போனை இரண்டு செங்கற்களுக்கு நடுவில் இறுக்கினேன். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டினேன். பூட்டாவிட்டால் போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும்; மறுபடியும் மின்னல்தான். படம் எடுக்கும்போது போனைத் தொட்டால் அது அசையும் என்பதால், வயர் உள்ள இயர்போனின் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த சிக்கல் கரண்டியே. பளபளத்த அதன் குழியில் என் சிவப்புத் தாவணி தெரிந்தது. நான் அசைய அசைய அந்தச் சிவப்பும் ஓடியது. ஈரச் சவர்க்காரத்தை மெல்லியதாகத் தடவிக் காயவிட்டேன், பளபளப்பு மங்கியது. கறுப்புச் சட்டையும் போட்டுக்கொண்டேன். கரண்டியின் முதுகு வளைவாக இருப்பதால் விட்டவுடன் ஆடும். அடியில் பயறு அளவு பிளாஸ்டிசின் உருண்டை வைத்ததும் நின்றது. ரயில் போகும்போது மட்டும் மேசை நடுங்கும். ஒருமுறை அதைக் கவனியாமல் தொடர்ந்துவிட்டேன். ஓடவிட்டபோது அந்த இடத்தில் எல்லாப் பொருட்களும் ஒன்றாகத் துள்ளின.

நான்காம் இரவு, கரண்டி போகும் காட்சியை உம்மம்மாவுக்குக் காட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் அளவுகோல் வைத்துச் சரியாக ஒரு சென்ரிமீற்றர் நகர்த்தியிருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் இரண்டு தரம் பார்த்தார்.

"இது போகேல்லை மகள். யாரோ இழுத்துக்கொண்டு போறாங்க" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாங்க போன நாள் நான் நேரே நடக்கேல்லை. வாசலுக்கு வரவே கால் எழும்பேல்லை. படலையடியில நிண்டு ஒருக்கால் திரும்பிப் பார்த்தன். அடுப்பில உலை வைச்சபடி இருந்தது. அதுக்குப் பிறகுதான் வேகமா நடந்தன்."

1990 ஒக்ரோபரில் சோனகத் தெருவிலிருந்து எல்லோருடனும் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனவர் உம்மம்மா. அந்த நாளைப் பற்றி எங்களிடம் அவர் பேசியதே குறைவு. ஒரு கரண்டியைப் பார்த்துப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்றிரவே 48 படங்களையும் அழித்தேன். சமமான தூரம் நகரும் பொருளுக்கு உயிர் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஒரு செக்கனில் 12 சென்ரிமீற்றர் போகவேண்டுமானால், ஒரு சென்ரிமீற்றராகப் பன்னிரண்டு முறை நகர்த்தாமல், 2, 4, 8, 12, 16, 18 மில்லிமீற்றர் என்று கூட்டி, பிறகு 18, 16, 12, 8, 4, 2 என்று குறைத்தேன். கூட்டினால் அதே 12 சென்ரிமீற்றர்தான். ஆனால் இப்போது கரண்டி தயங்கிப் புறப்பட்டது, களைத்து நின்றது. மேசை விளிம்பில் பத்துப் படங்களுக்கு அதை அசையாமல் விட்டேன். பிறகு ஆறு படங்களில் அதன் தலையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திருப்பினேன். மீண்டும் பத்துப் படங்கள் அசைவில்லை. அதன் பின்னரே அது போனது.

காலம் கழிவதைக் காட்ட, பால்கேயைப் போல நானும் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு அன்ரியின் முருங்கையில் ஒரு கொத்தை ஒடித்து மேசையில் வைத்து, இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுக்கும்படி போனில் நேரம் வைத்தேன். 96 படங்கள், எட்டுச் செக்கன்கள். சுபஹுக்கு எழுந்து பார்த்தபோது கொத்து தலை தொங்கிக் கிடந்தது. அதை நான் ஒரு மில்லிமீற்றர்கூட நகர்த்தவில்லை.

பலா இலைதான் கடைசிவரை சோதித்தது. புதிதாகப் பறித்த இலை நடு நரம்பில் முறிந்தது. ஒரு நாள் வாடவிட்ட இலை சொன்னபடி வளைந்தது. ஆனால் மடித்த தடம் மறையாது. பிழைத்தால் மறுபடி விரிக்க முடியாது. ஐந்து இலைகள் வீணாகின. ஆறாவது இலையைக் கோலும்போது என் விரல்கள் நடுங்கின. உம்மம்மா வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்துக்கும் அவரே இலையை மடித்து, அடியில் பிளாஸ்டிசினை வைத்துக் கையை எடுத்தார். நான் பொத்தானை அழுத்தினேன். இருபத்துநான்கு படங்கள். இரண்டு செக்கன்களுக்கு எங்களுக்கு ஒரு மணித்தியாலம் ஆனது.

முழுப் படத்தையும் உம்மாவுக்குக் காட்டினோம். கரண்டி மேசை விளிம்பில் திரும்பிப் பார்த்த இடத்தில் அவர் போனை நிறுத்தினார்.

"கண் இல்லாமலே பார்க்குது" என்றார்.

உம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை எடுத்துச் சவர்க்காரம் போகக் கழுவி, குசினித் தட்டில் அதன் இடத்தில் வைத்தார்.