அவர் எட்டித்தான் பார்த்தார்

ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்தியாளராக இருந்தபோது, பூட்டிய வீட்டை நோட்டமிட்ட ஆசாமியைப் பொதுமக்கள் பிடித்து போலீசில் ஒப்படைத்ததாக ஒரு சின்னச் செய்தி எழுதினேன். அந்த மனிதர் நோட்டமிடவில்லை. எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்கிய வீடு அது. கேட்டைத் தட்டியிருக்கிறார், பதில் இல்லை. காம்பவுண்டுச் சுவரில் கையூன்றி, குதிகாலைத் தூக்கி உள்ளே பார்த்திருக்கிறார். "சுவத்து மேல எட்டிப் பாத்தாருங்க தம்பி. யாருன்னு கேக்குறதுக்குள்ள பசங்க கூடிட்டாங்க" என்றார் எதிர்வீட்டு அம்மா. என் குறிப்பு நோட்டிலும் 'எட்டிப் பார்த்தார்' என்றுதான் இருந்தது. ஆனால் எட்டிப் பார்த்தவரை அடித்தார்கள் என்று எழுதினால் குற்றம் அடித்தவர்கள் மேல் போய்விடும். எனக்குச் செய்தி கொடுக்கிறவர்களே அந்தத் தெருக்காரர்கள்தான். சொல்லை மாற்றினேன்.

எட்டிப் பார்ப்பது உடம்பின் வேலை. குறுக்கே இருக்கும் சுவரையோ கதவையோ தாண்டிக் கண்ணைக் கொண்டுபோவது, அவ்வளவுதான். எதற்காக என்பதை அந்தச் சொல் சொல்லாது. குழந்தை தூங்குகிறதா என்றும் எட்டிப் பார்க்கிறோம். நோட்டமிடுவது வேறு. வீட்டில் எப்போது ஆள் இருக்காது, எந்தப் பக்கம் வழி என்று, பின்னால் செய்யப்போகும் காரியத்துக்காக அளந்து வைப்பது அது. 'தற்செயலாக' என்ற சொல்லை முன்னால் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். தற்செயலாக எட்டிப் பார்க்கலாம். தற்செயலாக நோட்டமிட யாராலும் முடியாது. அவர் மனதில் இருந்ததாக ஒரு திட்டத்தை நானே எழுதிச் சேர்த்தேன். 'திருடும் நோக்கத்தில்' என்று எழுதியிருந்தால் ஆதாரம் என்ன என்று டெஸ்கில் கேட்டிருப்பார்கள். 'நோட்டமிட்டார்' என்றதற்கு யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். பிடிபட்டபின் அவர் 'முறைத்ததாக' எழுதினேன். அவரை நான் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் பார்த்தேன். உதடு வீங்கியிருந்தது. கண் அசையாமல் நின்றது, ஆனால் யார் மேலும் நிற்கவில்லை. எதிர்ச் சுவரைத்தான் வெறித்துக்கொண்டிருந்தார். சுவரை வெறிக்கலாம், முறைக்க முடியாது. முறைப்பதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் மேல் கோபமும் வேண்டும். இரண்டிலும் கண் இமைக்காமல் நிற்பதால் எனக்கு அது வசதியாகப் போயிற்று. அடிபட்டுத் திகைத்துப்போனவரைத் திமிர் பிடித்தவராக்க அந்த ஒரு வினைச்சொல் போதுமானதாக இருந்தது.

அன்று மாலையே வாடகைக்கு வீடு தேடி வந்தவர்தான் என்று தெரிந்து போலீசார் அவரை அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பதிப்பு அச்சுக்குப் போக நேரம் இருந்தது. நான் ஆபீசுக்குப் போன் போடவில்லை. மறுநாள் திருத்தம் போடும்படியும் கேட்கவில்லை.