அம்மாச்சியிடம் நான் கேட்கவில்லை

ஒரு குழந்தையின் நோயை முன்கூட்டியே அறிந்திருக்கலாம். நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததால் அது நடக்கவில்லை. அந்தக் குடும்பத்திடம் இதை ஒப்புக்கொண்டுவிட்டேன். மற்ற குடும்பங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் சிறு நகரம் ஒன்றில் பொது மருத்துவர். பல வருடங்களாக என்னிடம் வரும் குடும்பம் அது. கல்யாணப் பேச்சு முடிந்த கையோடு பெண்ணின் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "எந்தம்பிக்குத்தான் குடுக்குறோம் டாக்டரம்மா. ஏதும் டெஸ்ட் எடுக்கணுமா?" என்றார். "குடும்பத்தில் யாருக்காவது பரம்பரை நோய் இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். ரத்த குரூப், ஹீமோகுளோபின், தைராய்டு எழுதிக் கொடுத்தேன், போலிக் ஆசிட் மாத்திரையும் எழுதினேன். "பெரும்பாலும் நல்லாத்தான் பொறக்கும், பயப்படாதீங்க" என்று அனுப்பிவைத்தேன்.

பெரும்பாலும் நன்றாகத்தான் பிறக்கும் என்பது பொய்யில்லை. உறவில்லாத தம்பதிக்குக்கூட நூறு பிரசவத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் கடுமையான பிறவிக் குறையோடு பிறக்கின்றன. அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் மணத்தில் அதைவிடவும் கூடும். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பொதுவாக வைத்திருப்பார்கள், மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. ஆனால் இவையெல்லாம் ஊர்ச் சராசரி. என் முன்னால் உட்கார்ந்திருந்தது ஊர் அல்ல, ஒரு குடும்பம். அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருந்தது, அதை நான் போடவே இல்லை.

குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தபோது கழுத்து நிற்கவில்லை. கால்கள் தவளையைப் போல விரிந்து கிடந்தன. மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே போனது, வயிறு மட்டும் ஏறி இறங்கியது. நாக்கின் ஓரத்தில் சிறு துடிப்பு. முகம் மட்டும் அவ்வளவு தெளிவு, கூப்பிட்டால் சிரித்தாள். எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோயின் முதல் வகை இப்படித்தான் இருக்கும். மரபணுப் பரிசோதனையும் அதையே உறுதி செய்தது. எஸ்.எம்.என்.1 என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் அவளிடம் இல்லை.

அன்று கூட வந்திருந்த பெண்ணின் அம்மாச்சி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, பேத்தியின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் ஒண்ணு இப்பிடித்தாம்மா தொவண்டு கெடந்துச்சு. ஏழாம் மாசம் சளி கட்டிப் போயிருச்சு." ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே. அது சளியில போன புள்ளதானே."

பரம்பரை நோய் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு அவர்கள் உண்மையாகத்தான் பதில் சொன்னார்கள். சளியில் போன குழந்தையை யாரும் பரம்பரை நோயாக நினைக்க மாட்டார்கள். நான் கேட்டிருக்க வேண்டியது வேறு. பிறந்து இறந்த குழந்தை உண்டா? எந்த வயதில், எப்படி? கழுத்து நிற்காமல், நடக்காமல், காது கேட்காமல், அடிக்கடி வலிப்பு வந்து யாராவது இருந்தார்களா? எத்தனை கரு கலைந்தது? இதை அம்மாச்சியிடமும் அப்பத்தாவிடமும் கேட்க வேண்டும். பழைய சாவுகள் அவர்கள் நினைவில்தான் இருக்கும்.

கேட்டதை ஒரு தாளில் மூன்று தலைமுறைக்கு வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் மணந்திருந்தால் இடையே இரட்டைக் கோடு. கர்ப்பத்துக்கு முந்தைய மரபணு ஆலோசனை இந்தப் படத்தில்தான் தொடங்குகிறது. எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். வெளியே கூட்டம் காத்திருந்தது என்பதும், என் பெற்றோரே அத்தை மகனும் மாமன் மகளும்தான் என்பதும் நான் அதைத் தவிர்த்ததற்குக் காரணங்கள். சொந்தத்தைப் பற்றித் துருவிக் கேட்பது அவமதிப்பு என்று எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலையை அந்தக் குழந்தை கொடுத்தாள்.

படத்தை வரைந்திருந்தால் கணக்கு தானாக வந்திருக்கும். அம்மாச்சிக்கும் தாத்தாவுக்கும் அப்படி ஒரு குழந்தை பிறந்தது என்றால் இருவரும் கேரியர்கள். அதாவது ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது. அவர்களுக்கு நோய் இராது. அவர்களுடைய நலமான மகன், அதாவது மாப்பிள்ளை, கேரியராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. பெண்ணின் அம்மாவுக்கும் அதே அளவு. அவரிடமிருந்து பெண்ணுக்கு வந்திருக்க அதில் பாதி, மூன்றில் ஒன்று. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மூன்றையும் பெருக்கினால் பதினெட்டில் ஒன்று.

அதற்குப் பிறகு தேவைப்பட்டது இரண்டு பேரின் ரத்தம் மட்டும்தான். எம்.எல்.பி.ஏ. என்ற சோதனை எஸ்.எம்.என்.1 பிரதிகளை எண்ணிச் சொல்லும். இருவரில் ஒருவருக்கு இரண்டு நல்ல பிரதி இருந்திருந்தால் இந்த நோயைப் பற்றிய பயம் ஏறக்குறைய முடிந்தது. கல்யாணத்தை நிறுத்தும் பேச்சே வந்திருக்காது. இருவரும் கேரியர் என்று வந்திருந்தால் முடிவெடுக்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்கும்.

நான் எழுதிக்கொடுத்த சோதனைகள் எதுவும் இதைக் காட்டாது. ரத்த குரூப் வேறுவேறாக இருந்தால் சொந்தத்தில் கட்டலாம் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. குரூப்புக்கும் இந்த நோய்களுக்கும் தொடர்பே இல்லை. போலிக் ஆசிட் தண்டுவடக் குறைபாட்டைக் குறைக்கும், இதைத் தடுக்காது. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை முழுமையாகத்தான் தெரியும். குடும்பத்தில் எந்தத் தடயமும் இல்லாத தம்பதிக்கு, பல நூறு மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் கேரியர் சோதனை இருக்கிறது. ஆனால் அது அறிந்த பழுதுகளை மட்டுமே நம்பகமாகச் சொல்லும். பொருள் தெரியாத மாற்றங்களும் அறிக்கையில் வரலாம், அவற்றை மரபணு ஆலோசகர் விளக்காமல் வீட்டில் படித்து முடிவெடுக்கக் கூடாது. எஸ்.எம்.ஏ.வுக்குத் தனியாகச் சோதித்தார்களா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தம்பதிக்கு இப்போது சராசரியும் இல்லை, பதினெட்டில் ஒன்றும் இல்லை. நான்கில் ஒன்று, ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாக. ஒன்று இப்படிப் பிறந்துவிட்டதே, அடுத்த மூன்றும் நன்றாகப் பிறக்கும் என்று பொருள் இல்லை. அடுத்த தடவை பதினோராவது வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம், பதினாறாவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். அல்லது சோதனைக்குழாய்க் கருவைச் சோதித்த பின் கருப்பையில் வைக்கலாம். சோதிக்காமலே பெற்றுக்கொள்வதும் அவர்கள் உரிமை. இதை நான் அவர்களிடம் சொன்னேன், என் தவறையும் சேர்த்து. பெண்ணின் அம்மா பதில் பேசவில்லை.

சொந்தத்தில் பேசி முடித்தவர்களுக்கும், மணமாகிக் குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் போகும்முன் இரு பக்கத்துப் பாட்டிகளிடமும் உட்கார்ந்து, இறந்த குழந்தைகளைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய மருத்துவச் சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள். நோயோடு ஒரு குழந்தை இப்போது இருந்தால், அதன் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள்; குழந்தை போன பின் காரணம் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். நீங்கள் பார்க்கும் மருத்துவர், என்னைப் போல, தாளை எடுத்து வரையாவிட்டால் வரையச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு மருத்துவரிடம் போங்கள்.