புள்ளிக்கோட்டு அம்பு

பாலிடெக்னிக்கில் வலைப்பின்னல் படம் சொல்லித்தரும்போது, நாமக்கல் லாரி பாடி பட்டறையைத்தான் உதாரணம் காட்டுவேன். கேபின் கட்ட 6 நாள், பின்பாடிக்கு 10 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நாளில் தொடங்கும். கேபின் ஒயரிங்குக்குக் கேபின் முடிந்தால் போதும். பெயின்டுக்கு இரண்டுமே முடிய வேண்டும்.

புதியவர்கள் இரண்டு அம்புகளையும் ஒரே வட்டத்தில் முடித்து, அங்கிருந்தே ஒயரிங்கையும் பெயின்டையும் கிளப்பிவிடுவார்கள். படம் அழகாக இருக்கும். எலக்ட்ரீஷியன் 4 நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இரண்டுக்கும் தனித்தனி முடிவு வட்டம் போடுங்கள். கேபின் வட்டத்திலிருந்து ஒயரிங், பின்பாடி வட்டத்திலிருந்து பெயின்ட். முன்னதிலிருந்து பின்னதற்கு நாள் கணக்கில்லாத புள்ளிக்கோட்டு அம்பு ஒன்று, அதுதான் டம்மி. அதைத் திருப்பிப் போட்டால், கேபின் முடியாமலே பெயின்ட் தொடங்கும்.

வரைந்தபின் ஒவ்வொரு வேலையிலிருந்தும் பின்னோக்கி வந்து, அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.