இரண்டாவது கட்டம்

கரூர்த் தம்பி முதல் கண்டெய்னரை அனுப்பியபோது, பில் ஆஃப் லேடிங்கின் வரைவு அவருக்கு மின்னஞ்சலில் போன பத்தாவது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: ஓகே. இருபது ஆண்டுகளாகத் தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் இந்தக் காகிதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடத்தில் ஓகே வந்தால் ஆள் படிக்கவில்லை என்று அர்த்தம். போன் செய்தேன்.

"எல்லாம் கரெக்டா இருக்குங்கண்ணா. கம்பெனி பேரு, பார்ட்டி பேரு எல்லாம் பாத்துட்டேனுங்க."

"தம்பி, பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கிடுங்க. ஒவ்வொரு கட்டமா வாசிப்போம்."

சரக்கு, சமையலறைத் துண்டுகள். 412 அட்டைப்பெட்டிகள், ஒரு இருபது அடி கண்டெய்னர், நியூயார்க்குக்கு. மொத்த விலை 42,000 டாலர். வாங்குபவர் முன்பணமாக 12,600 கொடுத்திருந்தார். மீதி 29,400, பேங்க் வழியாக ஆவணங்கள் போய்ச் சேர்ந்ததும் பணம் கட்டி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. தம்பியின் அம்மாவுடைய நகை அந்த நூலில் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

முதல் கட்டம் ஷிப்பர், அனுப்புபவர். பெயர், முகவரி சரியாக இருந்தன. இரண்டாவது கட்டம் கன்சைனி. அதில் நியூயார்க் கம்பெனியின் பெயர் நேரடியாக அச்சாகியிருந்தது.

"இதை யாரு குடுத்தா?"

"பையர் மெயில்ல அப்படித்தானுங்க கேட்டிருந்தாரு. சரக்கு அவருக்குத்தானே போகுதுங்க?"

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. தபால் உறையில் பெறுநர் முகவரி எழுதுவதுபோல இந்தக் கட்டத்தை நினைத்துக்கொள்கிறார்கள். பி.எல். என்பது சரக்கை வாங்கிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது. கன்சைனி கட்டத்தில் 'டு ஆர்டர்' என்று இருந்தால் அதுவே சரக்கின் உரிமைச்சீட்டும் ஆகிவிடுகிறது. அசல் காகிதம் யார் கையில் முறையாக இருக்கிறதோ அவருக்குத்தான் சரக்கு. ஷிப்பர் பின்புறம் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தால் அது கை மாறும். அப்படிக் கையெழுத்திட்ட அசல்களைத் தம்பி தன் பேங்கில் கொடுப்பார். அங்கிருந்து அவை நியூயார்க் பேங்குக்குப் போகும். அங்கே 29,400 டாலரைக் கட்டினால்தான் பையர் கைக்கு வரும். காகிதம் இல்லாமல் கண்டெய்னர் இல்லை.

பெயரை நேரடியாகப் போட்டுவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். எவ்வளவு தளரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பெயர் போட்ட பி.எல்.லுக்கும் அசலைக் கேட்டு வாங்கித்தான் சரக்கைக் கொடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் உயர்ந்த நீதிமன்றம் 2005-இல் ஒரு வழக்கில் கருத்துச் சொன்னது. அமெரிக்காவில் 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் நிலைமை வேறு. பெயர் போட்ட, கை மாற்ற முடியாத பி.எல். என்றால், அந்தப் பெயர்க்காரருக்கு அசலைக் கேட்காமலேயே கப்பல் கம்பெனி சரக்கைக் கொடுத்துவிடலாம். தம்பியின் சரக்கு போவது அமெரிக்காவுக்கு.

என் கண் முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. ஊரும் பெயரும் வேண்டாம். இதேபோல் ஒரு சின்ன ஏற்றுமதியாளர், அமெரிக்கப் பையரின் பெயரிலேயே பி.எல். எடுத்தார். மூன்று அசல்களும் பேங்க் லாக்கரில் பத்திரமாக இருந்தன. சரக்கு மட்டும் இல்லை. ஆறு வாரம் கழித்து மூன்றையும் எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்து மேசையில் வைத்தார். "ஒரிஜினல் என்கிட்டதான இருக்கு?" என்றார். என்ன பதில் சொல்ல?

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு ஏமாத்தறவருன்னு சொல்றீங்களாண்ணா?" என்று கேட்டார்.

அப்படிச் சொல்ல மாட்டேன். பெயரைப் போடச் சொல்வது பலருக்கும் வழக்கம். காகிதத்துக்காகக் காத்திருக்காமல் சரக்கை எடுத்துவிடலாம். முழுப்பணமும் முன்னாலேயே வந்துவிட்டால் தாராளமாகப் போடலாம். பணம் பாதிக்கு மேல் நிற்கும்போது போடக் கூடாது, அவ்வளவுதான். பையரின் பெயருக்கு வேறு இடம் இருக்கிறது. மூன்றாவது கட்டம், நோட்டிஃபை பார்ட்டி. சரக்கு வந்து சேரப்போகிறது என்று யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அதன் பொருள். கல்யாணப் பத்திரிகை கிடைத்தவரெல்லாம் மாப்பிள்ளை இல்லையே.

டு ஆர்டர் போட்டால் பணம் வந்தே தீரும் என்றும் அவரிடம் சொல்லவில்லை. பையர் வேண்டாமென்று கைவிரித்தால் சரக்கு நியூயார்க்கில் நிற்கும். இலவச நாட்கள் முடிந்ததும் தினவாடகை ஏறும். வேறு ஆளுக்கு விற்க வேண்டும், அல்லது செலவு செய்து திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆனால் விற்பதற்குச் சரக்கு நம்முடையதாக இருக்கும்.

மற்ற கட்டங்களை வேகமாகக் கடந்தோம். கப்பல் பெயர் அவருக்குப் புதிதாக இருந்தது. "இது அமெரிக்கா போற கப்பல் இல்லைங்களே?" இல்லை. இது கொழும்பு வரைக்கும் போகிற ஃபீடர். அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். வ.உ.சி. 1906-இல் ஆரம்பித்த சுதேசிக் கம்பெனியின் கப்பல்களும் இதே கொழும்புக்குத்தான் ஓடின என்று ஆரம்பித்தேன்; தம்பிக்கு அப்போது அதைக் கேட்கிற மனநிலை இல்லை. கப்பல் கட்டணம் நாம் கட்டியிருந்ததால் 'ஃப்ரைட் ப்ரீபெய்டு' என்று இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தது. 'செட் டு கன்டெய்ன்' என்ற வார்த்தை அவரைச் சுட்டது. உள்ளே துண்டு இருப்பதாக ஷிப்பர் சொல்கிறார், நாங்கள் எண்ணவில்லை என்று கப்பல் கம்பெனி கழன்றுகொள்கிறது. பூட்டி சீல் வைத்து வந்த பெட்டிக்கு எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். பெட்டி எண்ணிக்கைக்கு வந்தபோதுதான் அவரே நிறுத்தினார்.

"அண்ணா, இதுல 421-ன்னு இருக்குதுங்க."

பேக்கிங் லிஸ்ட்டில் 412. எங்கள் பையன் தட்டச்சில் புரட்டிவிட்டான். நானும் அதைப் பார்க்காமல்தான் அனுப்பியிருந்தேன். அப்படியே போயிருந்தால் ஒன்பது பெட்டி குறைகிறது என்று பையர் விலையில் கை வைத்திருக்கலாம்.

கடைசியாகத் தேதி. ஆர்டரில் 30-ஆம் தேதிக்குள் கப்பலேற்ற வேண்டும் என்று இருந்தது. கண்டெய்னர் 28-ஆம் தேதியே துறைமுகத்துக்குள் போய்விட்டது. ஃபீடர் தாமதமாகி, அடுத்த மாதம் 2-ஆம் தேதிதான் ஏற்றும் என்று அன்று காலை செய்தி. 'ஷிப்டு ஆன் போர்டு' என்ற முத்திரையில், பெட்டி உண்மையிலேயே கப்பலில் ஏறிய தேதிதான் வரும். துறைமுகத்தில் ஒப்படைத்த தேதி அங்கே உதவாது.

"ரெண்டு நாள்தானுங்க. 30-ன்னே போட்டுக் குடுக்க முடியுங்களா?"

இதைக் கேட்காத புது ஏற்றுமதியாளர் கிடையாது. கப்பல் எங்கே எப்போது நின்றது என்பதை இன்று யாரும் செல்போனிலேயே பார்த்துவிடலாம். தேதியை முன்தள்ளிப் போட்டால் அது மோசடி. பையர் கண்டுபிடித்தால் சரக்கைத் தள்ளிவிட அவருக்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

"தம்பி, இன்னைக்கு ராத்திரியே அவருக்கு எழுதுங்க. கப்பல் லேட்டுன்னு சொல்லி அஞ்சு நாள் நீட்டிக் கேளுங்க. எழுத்துல வாங்குங்க. கன்சைனி மாத்தப்போறதையும் அதுலயே சொல்லிருங்க."

"ரெண்டையும் ஒண்ணாக் கேட்டா கோவிச்சுக்குவாருங்களே."

"கேட்டுப் பாருங்க. கப்பல் ஏறுன பிறகு திருத்துனா கட்டணம் வேற. இப்பம்னா சும்மா திருத்திக்கிடலாம்."

மறுநாள் காலை பத்தரைக்கு அழைத்தார். தேதிக்குப் பையர் உடனே சம்மதித்துவிட்டார். கன்சைனி விஷயத்தில் இரண்டு மெயில் வாக்குவாதம் நடந்திருக்கிறது. கடைசியில், அப்படியானால் விலையில் 300 டாலர் குறைத்துக்கொள் என்றிருக்கிறார், தம்பி ஒப்புக்கொண்டுவிட்டார்.

"தப்புங்களாண்ணா?"

300 டாலர் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. சொல்லவில்லை. திருத்திய வரைவை அனுப்பினேன். இந்த முறை ஓகே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. கூடவே ஒரு வரி: கரூர் பின்கோடில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறதுங்கண்ணா.