பலகையில் எழுதும் விலை

பெரம்பூரில் என் கடைப் பலகையில் ‘சங்கரா 300’ என்று எழுதியிருந்தால், வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “காசிமேட்டுல இன்னிக்கு என்ன ரேட்டுக்கா?” என்பதுதான். “200” என்று உண்மையைச் சொன்னால் முகம் மாறிவிடும். நடுவில் நிற்கும் நூறு ரூபாயை முழுக்க நான் எடுத்துக்கொள்வதாக நினைக்கிறார்கள். அவர்களிடம் கோபப்பட எனக்கு மனம் வருவதில்லை. கடைக்கு முன்னால் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். பின்னால் நிற்பவர்களுக்குத்தான் அந்த நூறு ரூபாய் எங்கெல்லாம் போகிறது என்று தெரியும். ஒரு புதன்கிழமையையும் ஒரே ஒரு மீனையும் வைத்து அதைச் சொல்கிறேன்.

ஏல ரேட் என்று வாயால் சொல்லும் எண் கடைக்கு வந்து சேரும்போதே வேறாகிவிடுகிறது. காசிமேட்டில் விடியுமுன் நடக்கும் ஏலத்தில் நாங்கள் கிலோ கணக்கில் வாங்குவதில்லை. கொட்டி வைத்த குவியலையோ பெட்டியையோ கண்ணால் மதித்து, மொத்தமாக ஒரு தொகைக்குக் கேட்கிறோம். அந்தப் புதன்கிழமை ஒரு சங்கரா குவியல் 30 கிலோ தேறும் என்று மதித்து 5,600 ரூபாய்க்கு எடுத்தேன். அப்படிப் பார்த்தால் கிலோ 187 ரூபாய். கடைக்கு வந்து, ஐஸ் தண்ணீர் வடிந்து, நசுங்கியதைக் கழித்துத் தராசில் வைத்தபோது 28 கிலோ. ஆக, கிலோ 200. இந்த இரண்டு கிலோ வித்தியாசத்துக்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஈரமான மீனில் தண்ணீரும் எடைதான், மேலே பெரிசும் அடியில் பொடிசும் கிடப்பதும் வழக்கம்தான். குவியலின் பக்கவாட்டில் கையை விட்டு அடிமீனை ஒருமுறை புரட்டிப் பார்க்காமல் நான் விலை கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏலத்தில் முதல் படகுக்கு ஒரு விலை, பின்னால் வரும் படகுகளுக்கு ஒரு விலை. நாலைந்து படகு ஒன்றாகச் சேர்ந்து வந்து சங்கரா குவிந்தால் அரை மணி நேரத்தில் விலை இறங்கும். காத்திருந்தால் குறையும் என்று நின்று, வரவேண்டிய படகு வராமல் போனால் ஏறும். அதனால் ‘இன்றைய ரேட்’ என்று ஒன்று உண்மையில் கிடையாது. நான் எடுத்த குவியலின் ரேட்தான் எனக்கு ரேட்.

அன்று சங்கரா 28 கிலோ, மத்தி 20, வஞ்சிரம் 12 என்று மொத்தம் 60 கிலோ. ஆட்டோவும் தூக்குகூலியும் 550 ரூபாய், ஐஸ் 320, மீன் வெட்டும் தம்பிக்குக் கூலி 600, இடம், தண்ணீர், கவர் எல்லாம் சேர்த்து 330. கூட்டினால் 1,800. கிலோவுக்கு 30 ரூபாய். விலை அதிகமான மீன் மேல் கூடுதலாக ஏற்றலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் எடைக்குத்தான் பிரிக்கிறேன். ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் மீனின் எடைதான் தெரியும், விலை தெரியாது.

ஐஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கடை போடுகிறவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். வெயில் சூட்டில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யம் டிகிரிக்குக் கொண்டுவர மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் உருகினால் போதும். அப்படியிருந்தும் நாங்கள் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைப்பது, மிச்சம் முழுவதும் சென்னை வெயிலோடு மல்லுக்கட்டுவதற்காக. பெட்டியின் சுவர் வழியாகவும், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் சூட்டை அந்த ஐஸ்தான் வாங்கிக்கொள்கிறது. ஐஸ் தீர்ந்துபோய் மீன் நாலு டிகிரிக்கு ஏறினாலே, அது கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். தொட்டால் அப்போதும் சில்லென்றுதான் இருக்கும், அதனால் கையை நம்பக் கூடாது. அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று போட்டு, உருகிய தண்ணீர் வெளியேற ஓட்டையைத் திறந்து வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் மீனின் வயிற்றுப் பக்கம் வெளுத்து ஊறிப்போகும். பலகை மேல் அழகுக்குத் தூவும் ஐஸ் வாடிக்கையாளர் கண்ணுக்கு. மீனைக் காப்பது பெட்டிக்குள் புதைந்திருக்கும் ஐஸ்தான். மத்தியானம் பாதி பார் கூடுதலாக வாங்கினால் 80 ரூபாய் ஆகும். அதை மிச்சம் பிடித்து மூன்று கிலோ சங்கராவை இழந்தால் போவது அறுநூறு.

இப்போது சங்கராவின் அடக்க விலை 230. இதன் மேல் இருபது ரூபாய் வைத்து 250 என்று எழுதினால் நியாயமாகத்தானே இருக்கிறது? புதன்கிழமை அப்படி எழுதினால் நஷ்டம்தான்.

புதனன்று 28 கிலோவும் பலகை விலைக்குப் போகாது. மதியத்துக்குள் 20 கிலோ போகும். சாயங்காலம் ஐந்து கிலோவை 200 ரூபாய்க்குத் தள்ள வேண்டியிருக்கும். மிஞ்சும் மூன்று கிலோவைக் கருவாட்டுக்காரர் 60 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார். போட்ட முதல் 6,440 ரூபாய். சாயங்கால மீனும் கருவாட்டுக்குப் போனதும் சேர்ந்து கொண்டுவருவது 1,180. மீதி 5,260 ரூபாயை முதல் 20 கிலோதான் கொடுத்தாக வேண்டும். அதாவது கிலோ 263. அசலை எடுக்கவே இவ்வளவு. 230க்கும் 263க்கும் நடுவில் இருக்கும் 33 ரூபாய், முழு விலைக்குப் போகாத எட்டு கிலோ மீன் விற்ற மீன் மேல் ஏற்றிய பாரம். ஐஸ், ஆட்டோ, கூலி, வாடகை எல்லாம் சேர்ந்து 30 ரூபாய். விற்காத மீன் தனியாக 33. 300 என்று எழுதினால்தான் அன்று என் கையில் 740 ரூபாய் நிற்கும்.

அதே சங்கரா ஞாயிற்றுக்கிழமை ஏலத்திலேயே 240க்குப் போகும். செலவோடு 270. மீன் முழுவதும் மதியத்துக்குள் பலகை விலைக்கே தீர்ந்துவிடும், மிச்சம் என்ற பேச்சே இல்லை. அதனால் அன்றும் 300 என்றே எழுதுகிறேன், 840 ரூபாய் நிற்கிறது. பலகையில் ஒரே எண். ஆனால் ஞாயிறன்று அதற்குள் மீனின் விலை அதிகம், புதனன்று மிச்சத்தின் விலை அதிகம். “ஏலத்துல இறங்கிருச்சாமே, நீ ஏன்க்கா இறக்கல?” என்று புதனன்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். கவரில் மீனைப் போட்டுக்கொண்டே இவ்வளவையும் சொல்லி முடிக்க முடிவதில்லை.

புரட்டாசியில் இது இன்னும் கடுமை. வாங்குகிறவர்கள் குறைவதால் ஏல விலையும் இறங்கும், ஆனால் மிச்சம் அதைவிட வேகமாக ஏறும். மீன்பிடித் தடைக்காலம் வேறு மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஃபைபர் படகு மீன் கொஞ்சம் கிடைக்கும், மற்றது வண்டியில் ஐஸ் போட்டு வெளியிலிருந்து வரும். அப்படி வரும் மீன் தன் ஆயுளில் சில நாட்களை வழியிலேயே செலவழித்துவிட்டது. விலை கூடுதலாகக் கொடுத்து, விற்பதற்கான நேரத்தைக் குறைவாக வாங்குகிறோம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: ரத்தச் சிவப்பாக இல்லாமல் பழுப்பு தட்டியிருந்தால் அதை மறுநாளுக்கு வைப்பதாகக் கணக்கே போடக் கூடாது.

மீனுக்கு மீன் இந்தப் பாரம் மாறும். வஞ்சிரத்தை 800க்கு எடுத்து 950க்கு விற்கிறேன். மத்தியை 100க்கு எடுத்து 200 சொல்கிறேன். மத்தியில் இரட்டிப்பு அடிக்கிறேன் என்று தோன்றும். ஆனால் முழு வஞ்சிரம் நல்ல ஐஸில் இரண்டு மூன்று நாள் அசையாமல் இருக்கும். இன்று போகாவிட்டால் நாளை அதே விலைக்குப் போகும். அதன் ஆபத்து கத்தி வைத்த பிறகுதான். ஐந்து கிலோ மீனை ஒருவருக்கு ஒரு கிலோ துண்டு போட அறுத்துவிட்டால், மிச்ச நாலு கிலோ அன்றைக்கே போயாக வேண்டும். அதனால் பாதி மீனுக்காவது ஆள் சேரும்வரை அறுக்காமல் “கொஞ்சம் நில்லுங்க, இன்னொருத்தர் வரட்டும்” என்று சொல்லி நிறுத்துவேன்.

மத்தி அப்படியல்ல. எண்ணெய்ச் சத்துள்ள மீன், தோலும் வயிறும் மெல்லியது. சாயங்காலத்துக்குள் வயிறு வெடிக்க ஆரம்பிக்கும். சூட்டில் கிடந்த மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு என்று வரும். எனவே வெளியே சூட்டில் கிடந்த மத்திக்கு மறுநாள் விலை என்று ஒன்று கிடையாது, மலிவு விலையும் கிடையாது. அது குப்பைக்குத்தான் போக வேண்டும். இதில் மட்டும் நான் கணக்குப் பார்ப்பதில்லை. குப்பைக்குப் போவதையும் காலையிலேயே 200 ரூபாய்க்குள் வைத்துவிட்டால்தான் சாயங்காலம் மனம் சபலப்படாமல் இருக்கும்.

விலையைக் குறைப்பதிலும் நேரம் பார்க்க வேண்டும். பதினோரு மணிக்கே 300ஐ அழித்து 260 என்று எழுதினால், காலையில் வாங்கிப்போன அக்கம்பக்கத்தார் காதுக்கு அது போய்விடும். அடுத்த வாரம் அவர்கள் பதினோரு மணிக்கு முன் வரமாட்டார்கள். அதனால் மதியம் வரை எண்ணைத் தொடாமல் வேறு வழி பார்க்கிறேன். பொடிசுகளைத் தனியாகப் பிரித்துக் கூறு கட்டி, கூறு நூறு என்று வைப்பேன். கூறுக்குக் கிலோ விலை கேட்பவர் குறைவு. பொடிச் சங்கராவை ராத்திரி வறுத்த மீன் கடைக்காரர் மொத்தமாக எடுப்பதும் உண்டு. ஒரு துண்டு ஒரு தட்டு என்று விற்பவருக்குச் சிறிய மீன்தான் வசதி. அவரிடம் மத்தியானமே பேசிவிட வேண்டும். இருட்டிய பிறகு போனால் என் அவசரம் அவருக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, மிச்சத்தைக் குறைக்க நல்ல இடம் கடை அல்ல, ஏலம்தான். அந்தப் புதனுக்கு மறுநாள், பெட்டியில் முழு வஞ்சிரம் இரண்டு கிடந்ததால் புதிதாக வஞ்சிரம் கேட்கவில்லை. சங்கராவில் 20 கிலோ சின்னக் குவியலாகப் பார்த்து எடுத்தேன். சின்னக் குவியலுக்குப் போட்டி அதிகம் என்பதால் கிலோ 205 விழுந்தது. மொத்த எடை குறைந்ததால் செலவும் கிலோவுக்கு 35 ஆனது. அடக்கம் 240, முந்தைய நாளைவிடப் பத்து ரூபாய் அதிகம். ஆனால் மதியத்துக்குள் 18 கிலோ போய்விடும், சாயங்காலத்துக்கு இரண்டு கிலோதான் நிற்கும், கருவாட்டுக்கு ஒன்றும் போகாது என்று கணக்குப் போட்டு 280 எழுதினேன். அப்படியே நடந்தது. மீன் அதிக விலைக்கு வாங்கியது, பலகையில் இருபது ரூபாய் குறைவு, கையில் நின்றது 640. காலையில் வந்த பெரியம்மா ஒருவர், “ஏலம் இறங்கிடுச்சாக்கும்” என்றார். ஏறியிருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் ஒன்றரை கிலோ வாங்கிப்போனார்.