பலாப்பலகையில் ஒரு முகப்பெழுத்து

சென்ற ஆண்டு மாரி காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு ஒரு பொதி வந்தது. பழைய சாரம் ஒன்றிலே சுற்றப்பட்டிருந்த பலாப்பலகை அது. அனுப்பியவர் நான் பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொண்ட காலத்தில் அச்சுக்கூடத்தில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். எண்பது வயதைக் கடந்துவிட்டார். அவரை நான் அன்றும் இன்றும் அண்ணை என்றே அழைக்கிறேன். அவருடைய வளவில் நின்ற பலா, முந்திய ஆண்டுக் காற்றில் சாய்ந்துவிட்டது. பலாவைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டிய நாடு இது. தானாகச் சாய்ந்த மரத்துக்கும் அவர் முறைப்படி அறிவித்துவிட்டே அறுப்பித்திருக்கிறார். அடிமரத்திலிருந்து மகளுக்கென்று மரக்கறி வெட்டும் பலகை ஒன்றைச் செய்வித்தார். அதன் ஓரத்தில், நாங்கள் இருவரும் வேலை செய்து, பின்னர் நின்றுபோன பத்திரிகையின் முகப்புப் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, மரம் ஒண்டுதான். பிழைச்சால் வேறை இல்லை. பார்த்துச் செய்விக்கோணும்."

கூடவே கையகலத் துண்டுகள் மூன்றும் அனுப்பியிருந்தார். அதே மரத்தின் கழிவுகள். தொழில் தெரிந்தவர் என்பதை அந்த மூன்று துண்டுகளும் சொல்லின. நாங்களும் அந்நாளில் புரூப் எடுக்காமல் எதையும் இயந்திரத்தில் ஏற்றியதில்லை.

கொட்டாஞ்சேனையில் லேசர் இயந்திரம் வைத்திருக்கும் இளைஞர் ஒருவரிடம் போனேன். அவரிடம் இருந்தது அறுபது வாற்று காபனீரொட்சைட்டு லேசர். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை ஒரு வில்லை கூர்மையாக்கி மரத்தின்மேல் விழுத்துகிறது. கதிர் விழும் புள்ளி தலைமயிரிலும் சற்றுத் தடித்தது, அவ்வளவுதான். அந்தப் புள்ளி இடமும் வலமுமாக ஓடி, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் எரிந்து, கோட்டின் கீழ்க் கோடாக இறங்கி வருகிறது. மரம் அங்கே ஆவியாகிறது, எஞ்சியது கரியாகிறது. எழுத்தின் கருமை மையினால் வருவதன்று. மரமே கரியாகி நிற்கும் நிறம் அது.

முதற்சிக்கல் எழுத்திலேயே தொடங்கியது. என்னிடம் இருந்தது பழைய கட்டொன்றிலிருந்து எடுத்த படம். பழுப்பேறிய தாளையும் மை பரவிய ஓரங்களையும் இயந்திரம் அறியாது. சாம்பல் நிறப் புள்ளி ஒவ்வொன்றையும் அது எரிக்க வேண்டிய இடமாகவே எடுத்துக்கொள்ளும். அப்படியே கொடுத்திருந்தால் எழுத்தைச் சுற்றிலும் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் விழுந்திருக்கும். எனவே எழுத்தின் வெளிக்கோட்டைக் கணினியில் புதிதாக வரைந்து, முழுக் கறுப்பு, முழு வெள்ளை என்ற இரண்டாக்கினோம். முன்பு துத்தநாக புளொக் செய்வதற்கு எங்கள் ஓவியர் இந்திய மையினால் திருத்தி வரைந்து கொடுத்ததும் இதே வேலைதான். அமிலம் செய்ததை இப்போது வெப்பம் செய்கிறது.

முதற்றுண்டில் பொறித்தபோது எழுத்து வந்தது. ஆனால் அதைச் சுற்றிலும் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல ஒரு மண்ணிறப் படலம். ஒரு பக்கத்தில் மட்டும் அது நீண்டிருந்தது. மரம் கருகிவிட்டது என்று நான் பதறினேன். இளைஞர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, கருகினது வேறை, புகை படிஞ்சது வேறை. இது ரெண்டும் கலந்திருக்கு."

அவர் சொன்ன வேறுபாட்டை அறிந்தால்தான் இந்த வேலையை மதிப்பிட முடியும். மரம் எரியும்போது எழும் புகையில் பிசினும் கரியும் இருக்கின்றன. புகையுறிஞ்சி காற்றை எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கத்தில் அவை மரத்தின்மேல் படிகின்றன. படலம் ஒரு பக்கத்தில் நீண்டு கிடந்த காரணம் அதுவே. துணியில் சிறிது ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தார். துணி மஞ்சளாகியது, நீண்ட நிழல் போய்விட்டது. ஆனால் எழுத்தின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய மண்ணிறக் கரை அசையாமல் நின்றது. அதுதான் சூடு உள்ளே ஏறிய இடம். துடைத்தால் அது போகாது. மணற்றாள் போட்டுத் தேய்த்தால் எழுத்தின் கூர்மையும் கூடவே போய்விடும்.

புகையைத் தடுப்பது எளிது. பொறிக்க வேண்டிய இடத்தின்மேல் காகித ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால், கதிர் அதையும் துளைத்து மரத்தைப் பொறிக்கும், புகை நாடாவின்மேல் படியும், பிறகு உரித்தெடுக்கலாம். காகித நாடாவாகவே இருக்க வேண்டும். பீவீசி கலந்த ஒட்டுத்தாள் எரிந்தால் குளோரீன் சேர்ந்த அமில வாயு வெளியாகும். அது மனிதனின் நெஞ்சையும் இயந்திரத்தின் இரும்பையும் ஒருங்கே அரிக்கும்.

சூட்டின் கரையைக் குறைப்பதற்கு வேகம்தான் வழி. கதிர் ஓரிடத்தில் தங்கும் நேரம் கூடக்கூட, சூடு பக்கவாட்டில் பரவுகிறது. இரண்டாம் துண்டில் இளைஞர் சிறு சதுரங்கள் பன்னிரண்டை மூன்று வரிசையில் பொறித்தார். கீழே போகப்போக வேகம் குறைவு. வலப்பக்கம் போகப்போக வலு கூடுதல். தேன்நிறத்திலிருந்து கன்னங்கரிய நிறம்வரை ஒரு படிவரிசை கிடைத்தது. நான் கரிய மூலையையே காட்டினேன். பத்திரிகைக்காரன் கறுப்பைத்தானே விரும்புவான்! அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தந்து பார்க்கச் சொன்னார். அங்கே சதுரத்தின் விளிம்பு சிதைந்து, கரி தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. நடுவிலிருந்த ஒரு சதுரம் கடுங்கோப்பி நிறத்தில், விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. விநாடிக்கு 250 மில்லிமீற்றர் வேகம். வலு மூன்றில் ஒரு பங்கு. ஆழம் போதாதென்றால் மெதுவாக ஒருமுறை ஓட்டுவதைவிட, இதே வேகத்தில் இருமுறை ஓட்டுவது மேல் என்றார் அவர்.

ஆழம் ஏன் வேண்டும் என்று கேட்டேன். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டு நாளடைவில் மண்ணிறமாகும். இன்று தெளிவாகத் தெரியும் எழுத்து, பின்னணி இருண்டதும் மங்கும். கழுவக் கழுவக் கரியும் தேயும். அரை மில்லிமீற்றர் ஆழமாவது இருந்தால், நிறம் போன பிறகும் பள்ளத்தின் நிழல் எழுத்தைக் காட்டும்.

அடுத்தது மரத்தின் ரேகை. தாள் எங்கும் ஒரே தன்மையானது, மரம் அப்படியன்று. பலாவில் நீரேறிய குழாய்கள் வெறுங்கண்ணுக்கே நுண்கீறல்களாகத் தெரியும். அந்தக் கீறலிலும் மெல்லிய கோட்டை அதன்மேல் பொறித்தால், எது எழுத்து, எது மரம் என்று பிரித்தறிய முடியாது. எங்கள் முகப்பெழுத்தில் ஒரு 'ஞ' இருந்தது. அதன் உட்சுழி முதற்றுண்டில் அடைபட்டுக் கரும்புள்ளியாகிவிட்டது. எனவே மிக மெல்லிய கோட்டையும் அரை மில்லிமீற்றருக்குத் தடிப்பித்தோம்; சுழியின் உள்வெளியைச் சற்று அகட்டினோம். மூலத்துக்கு மாறு செய்கிறோமே என்று மனம் உறுத்தியது. மை பரவும் என்று தெரிந்து எழுத்தை வெட்டியவர்களும் இதைத்தான் செய்தார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் துண்டைப் பழுதாக்கியவன் நானே. பொறித்து முடித்ததும் நிறம் எப்படி எழும்பும் என்று பார்க்கும் அவசரத்தில், எழுத்தின்மேல் எண்ணெயைத் தடவிவிட்டேன். பள்ளத்திலிருந்த கரித்தூளை எண்ணெய் ஏந்திக்கொண்டு ரேகை வழியே ஓடியது. 'ஞ' வுக்கு மீசை முளைத்ததுபோலக் கறுப்புக் கோடுகள். தேய்த்தும் போகவில்லை, அந்தக் கரி குழாய்களுக்குள் இறங்கிவிட்டது. பலகைக்கு நேரவேண்டியது துண்டுக்கு நேர்ந்தது என்று இளைஞர் ஆறுதல் சொன்னார். அதுவே கடைசித் துண்டு.

மறுநாள் பலகையை வைத்தோம். நேர்விளிம்புக் கோல் ஒன்றை அதன்மேல் நிறுத்திப் பார்த்தோம். பலகை நடுவில் குழிந்திருந்தால் கதிரின் கூர்மை பிசகி எழுத்து மங்கும். இது நன்றாக உலர்ந்து, நேராகவே இருந்தது. எழுத்துக்கு ஒன்பது சென்ரிமீற்றர் அகலத்தில், கைப்பிடியை ஒட்டிய மூலையைத் தேர்ந்தோம். கத்தி விழும் நடுப்பரப்பில் பள்ளம் இருந்தால் மீனும் மரக்கறியும் அதில் தங்கிப் பழுதாகும். அந்த மூலையில் ஒரு கணு இருந்தது. கணு கடினமானது, ஏற்கெனவே கரியது. எழுத்து அதன்மேல் ஏறினால் பாதி காணாமற்போகும். ஆகவே ஒரு விரற்கடை தள்ளி வைத்தோம்.

இரண்டு ஓட்டமும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் நான் மூடியின் கண்ணாடியை விட்டு அகலவில்லை. பிறகு நாடாவை உரித்து, மென்மையான பற்தூரிகையால் கரியைத் துலக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஓரிரவு காயவிட்டோம். மறுநாள்தான் மருந்துக்கடையில் வாங்கிய லிக்குயிட் பரபின் எண்ணெயைத் தடவினோம். சமையல் எண்ணெய் சிக்கு நாற்றம் எடுக்கலாம், இது எடுக்காது. மரம் பொன்மண்ணிறமாக எழுந்தது. எழுத்தின் விளிம்பில் நூலிழை போன்ற செம்மண்ணிறக் கரை மட்டும் நின்றது. அதை முற்றாக நீக்கியிருக்கவும் கூடாது என்று இப்போது எண்ணுகிறேன். எழுத்து மரத்தின்மேல் ஒட்டப்பட்டதன்று, மரத்திலிருந்தே வந்தது என்பதற்கு அந்தக் கரைதான் சாட்சி.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தை எரித்துத்தான் பொறிக்கிறார்கள் என்று முன்னமே சொல்லியிருந்தேன். 1981 இல் நூலகம் எரிந்ததைக் கண்ட அந்த மனிதர் அப்போது பதில் சொல்லாமல் இருந்தார். இப்போது பலகையை வாங்கி மூக்கருகே பிடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எழுத்தின்மேல் வலக்கைச் சுட்டுவிரலை வலமிருந்து இடமாக ஓட்டினார். ஆயுள் முழுதும் ஈய எழுத்தைத் தலைகீழாகவே வாசித்த விரல் அது. 'ஞ' வில் நின்றது.

"சுழியைப் பெருப்பிச்சிருக்கிறியள்," என்றார்.

"ஓம் அண்ணை. அடைபட்டுப்போச்சு."

"பழைய புளொக்கிலையும் அது அடைபடுகிறதுதான். நான் ஊசியாலை குத்தித் துப்புரவாக்கிப்போட்டுத்தான் ஏத்துவன்," என்று சொல்லிவிட்டு, பலகையை மகளிடம் நீட்டினார்.