எம்.காம் முடித்தபின் வேலையா, ஜே.ஆர்.எஃப்-பா?

பி.காம் கடைசி வருடம் வந்துவிட்டாலே வீட்டில் ஒரே கேள்விதான்: "அடுத்து என்ன?" எம்.காம், அப்புறம் பி.எச்டி என்று நான் சொன்னதும் அப்பா கேட்டார்: "அதுவரைக்கும் யார் சோறு போடுவது?" அப்பா ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான். கேள்வி நியாயம்தான். நாம்தான் காமர்ஸ் மாணவர்களாயிற்றே, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். அதன்பின் ஒரு குழு உங்கள் ஆராய்ச்சியைப் பார்த்து ஒப்புக்கொண்டால் எஸ்.ஆர்.எஃப் ஆகி 42,000. இந்தத் தொகை 2023 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், பிரிண்ட் செலவுக்கு வருடத்துக்கு ஒரு சிறு தொகையும் உண்டு. மொத்தம் ஐந்து வருடம். வாடகைப்படி இல்லாமலே கூட்டினால் சரியாக 24 லட்சம்!

இப்போது வேலைப் பக்கம். எம்.காம் முடித்தவர் 30,000-இல் சேர்கிறார், வருடம் 10 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் சுமார் 22 லட்சம். ஆக, ஜே.ஆர்.எஃப்தான் முன்னால்.

ஆனால் கடைசி வருடத்தை மட்டும் பாருங்கள். வேலைக்காரர் கிட்டத்தட்ட 44,000-ஐத் தொட்டிருப்பார். கூடவே பி.எஃப் சேர்ந்திருக்கும். ஆராய்ச்சி மாணவருக்கு 42,000, பி.எஃப் கிடையாது. ஆறாவது வருடம் அவருக்கு சம்பளம் இன்னும் ஏறும், இவருக்கு உதவித்தொகை நின்றுவிடும். ஆய்வேடு முடியாவிட்டாலும் நின்றுவிடும்.

இன்னொன்று, பணம் தானாக வருவதில்லை. மாதாமாதம் பல்கலைக்கழகம் இணையத்தில் "இவர் இன்னும் ஆராய்ச்சி செய்கிறார்" என்று உறுதி செய்ய வேண்டும். அங்கே ஃபைல் தூங்கினால் இங்கே மெஸ் பில் நிற்கும். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் நாலு மாதப் பணத்தை மொத்தமாக வாங்கினார். வந்ததில் பாதி அன்றைக்கே கடனுக்குப் போய்விட்டது!

ஜே.ஆர்.எஃப் கிடைக்கவில்லை என்றால் கணக்கே வேறு. மத்திய பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாத பி.எச்டி மாணவருக்கு மாதம் 8,000 தான். அதே ஆய்வுக்கூடம், அதே வழிகாட்டி, பக்கத்து நாற்காலி; வித்தியாசம் 29,000 ரூபாய்!

அதனால் என் முடிவு இது: வேலையா, ஆராய்ச்சியா என்பது இரண்டாவது கேள்வி. ஜே.ஆர்.எஃப் கையில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. எம்.காம் இரண்டாம் வருடத்திலேயே நெட் எழுதிவிடுவேன். ஜே.ஆர்.எஃப் வந்தால் பி.எச்டி. வராவிட்டால் வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி எழுதுவேன். 8,000-ஐ நம்பி மட்டும் சேர மாட்டேன். அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். "அப்படின்னா சரி" என்றார்.